பழைய சர்வே நோட்டின் பாகைக் கணக்கை இன்றைய தசமக் கணக்காக மாற்றும் முறை

கொடைக்கானல் ஏரிக்கு வடக்கே நாயுடுபுரம், வில்பட்டி முதலான சரிவுகளில் உருளைக்கிழங்கும் பூண்டும் பிளம்ஸும் பயிரிடும் அங்கத்தினர் சிலருடைய இரும்புப் பெட்டிகளில், பத்திரங்களோடு பத்திரமாகப் பழைய சர்வே நோட்டுகளும் இருப்பதுண்டு. ஊற்றின் வாய், எல்லைக் கல், வாய்க்கால் பிரியும் இடம் ஆகியவை இன்ன அட்சரேகையில், இன்ன தீர்க்கரேகையில் உள்ளன என்று அவற்றில் மசியால் குறித்திருப்பார்கள். கல் மண்ணில் புதைந்து போயிருக்கலாம். ஊற்றின் மேல் புதர் மண்டியிருக்கலாம். ஆனால் எண் இருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு இடத்தைத் தேட முற்படும்போது ஒரு தடங்கல் ஏற்படுகிறது. நோட்டில் உள்ளது பாகை, நிமிஷம், விநாடி என்னும் மூவகைக் கணக்கு. இன்றைய கைத்தொலைபேசிப் படமும் சர்க்கார் விண்ணப்பப் படிவமும் கேட்பதோ புள்ளி வைத்து எழுதும் தசம பாகை. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எவ்வாறு, மாற்றிய பின் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

விளக்கத்துக்காக ஒரு நோட்டை நாமே கற்பித்துக் கொள்வோம். மூன்று குடும்பங்கள் பங்கிட்டுக் கொள்ளும் ஓர் ஊற்றைப் பற்றி, ஏறக்குறைய 1900ஆம் ஆண்டில் எழுதப்பட்ட நோட்டு ஒன்றில் பின்வருமாறு இருப்பதாகக் கொள்க:

ஊற்று: வடக்கு 10° 14' 37", கிழக்கு 77° 31' 35"

இந்த ஒரு வரியையே இக்கட்டுரை முழுவதும் தொடர்ந்து செல்வோம்.

அறுபதின் கணக்கு

ஒரு பாகையில் அறுபது நிமிஷம். ஒரு நிமிஷத்தில் அறுபது விநாடி. ஆகவே ஒரு பாகைக்கு 3600 விநாடி. அறுபதால் பகுக்கும் வழக்கம் நம் நாட்டார்க்குப் புதியதன்று. பஞ்சாங்கத்தில் ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு அறுபது விநாடி என்று கணிக்கிறோம். பெயர் ஒன்றாயினும் பஞ்சாங்க விநாடி காலத்தை அளப்பது. இங்கே சொல்லும் விநாடி கோணத்தை அளப்பது. பகுக்கும் முறை மட்டுமே இரண்டுக்கும் பொது.

இக்கணக்கில் நேரும் முதற் பிழையை, பழைய நாணயத்தை அறிந்தவர்கள் உடனே உணர்வார்கள். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. ஒரு ரூபாய் எட்டணாவைப் புதிய நாணயத்தில் எழுதச் சொன்னால் 1.50 என்றுதான் எழுதுவோம். எட்டணாதானே என்று 1.08 என எழுதுபவன் ஏறக்குறைய பாதி ரூபாயைப் பறிகொடுப்பான். பாகைக் கணக்கிலும் இதுவே நிகழ்கிறது. 10° 14' 37" என்பதைப் பார்த்ததும், குறிகளை எடுத்துவிட்டு 10.1437 என்று எழுதிவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்கள் நூறில், ஆயிரத்தில் பங்குகள். நோட்டின் 14-ம் 37-ம் அறுபதில், மூவாயிரத்து அறுநூற்றில் பங்குகள். இவற்றை ஒன்றாகக் கருதினால் இடமே மாறிவிடும்.

எவ்வளவு மாறும் என்பதையும் காண்போம். கொடைக்கானலை ஒட்டிய அட்சரேகையில், வடக்குத் தெற்காக ஒரு பாகை ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர்; கிழக்கு மேற்காக ஒரு பாகை ஏறக்குறைய 109.5 கிலோமீட்டர். நம் ஊற்றைக் குறிகளை எடுத்து 10.1437, 77.3135 என்று எழுதினால், நோட்டு குறிக்கும் புள்ளியிலிருந்து தெற்கே 11 கிலோமீட்டரும் மேற்கே 23 கிலோமீட்டரும் விலகுகிறது. நாயுடுபுரத்து ஊற்றைத் தேடப் புறப்பட்டவன், பேரிஜம் ஏரிக்கும் மேற்கே, கேரள எல்லையை நோக்கிய காட்டுக்குச் சென்று சேருவான்.

இப்பிழைக்கு ஒரு தன்மை உண்டு. அறுபதில் ஒரு பங்கை நூறில் ஒரு பங்காக எண்ணுவதால் விடை எப்போதும் குறைந்தே வரும், கூடி வருவதில்லை. நம் நாட்டில் எண் குறைந்தால் புள்ளி தெற்கிலும் மேற்கிலும் நகரும். எனவே ஒருவர் மாற்றித் தந்த பட்டியலில் எல்லாப் புள்ளிகளும் எதிர்பார்த்த இடத்துக்குத் தென்மேற்காகவே விழுந்தால், அவர் வகுக்காமலேயே எழுதியிருக்கிறார் என்று ஐயுறலாம். மற்றோர் அடையாளமும் உண்டு. பட்டியலில் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்களையும் அடுத்த இரண்டு இலக்கங்களையும் தனித்தனியே பாருங்கள். பல வரிகள் இருந்தும் ஓரிடத்திலேனும் 60 முதல் 99 வரையிலான எண் வரவில்லையெனில், அவை உண்மையான தசமங்கள் அல்ல. நிமிஷமும் விநாடியுமே புள்ளி வேஷம் போட்டிருக்கின்றன.

மாற்றும் முறை

கடைசியிலிருந்து தொடங்குவது எளிது. விநாடியை அறுபதால் வகுத்து நிமிஷத்தோடு கூட்ட வேண்டும். வந்ததை மீண்டும் அறுபதால் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும். அவ்வளவே.

ஊற்றின் அட்சரேகையை எடுத்துக் கொள்வோம். 37-ஐ 60-ஆல் வகுத்தால் 0.616667. இதனோடு 14-ஐக் கூட்ட 14.616667. இதை 60-ஆல் வகுத்தால் 0.243611. இதனோடு 10-ஐக் கூட்ட 10.243611. இதுவே தசம பாகை.

தீர்க்கரேகையும் அவ்வாறே. 35-ஐ 60-ஆல் வகுக்க 0.583333. இதனோடு 31-ஐக் கூட்ட 31.583333. 60-ஆல் வகுக்க 0.526389. இதனோடு 77-ஐக் கூட்ட 77.526389.

நோட்டில் ஐம்பது நூறு வரிகள் இருந்தால் சங்கத்துக் கணினியின் அட்டவணையைப் பயன்படுத்தலாம். பாகை, நிமிஷம், விநாடி ஆகிய மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைக்காமல் மூன்று கட்டங்களில் தனித்தனியே எழுதி, நான்காவது கட்டத்தில் இவ்வாறு இட வேண்டும்:

```
=A2+B2/60+C2/3600
```

கணினி செய்ததாயினும் ஒன்றிரண்டு வரிகளை மனக்கணக்கால் சரிபார்ப்பது நல்லது. அதற்கு இரண்டு அளவுகளை நினைவில் வைத்தால் போதும்: ஆறு நிமிஷம் என்பது 0.1 பாகை, முப்பத்தாறு விநாடி என்பது 0.01 பாகை. நம் ஊற்றில் 14 நிமிஷம் இருக்கிறது. அதில் 12 நிமிஷத்துக்கு 0.2, மிஞ்சிய 2 நிமிஷத்துக்கு ஏறக்குறைய 0.033, 37 விநாடிக்கு 0.01-க்குச் சற்று மேல். ஆக 0.243-க்குச் சற்று மேல் வரவேண்டும், வந்திருக்கிறது. தீர்க்கரேகையில் 31 நிமிஷம் என்பது அரைப் பாகைக்குச் சற்று மேல். ஆகவே விடை 77.5-ஐத் தாண்ட வேண்டும், தாண்டியிருக்கிறது. இச்சோதனை அரை நிமிஷத்தில் முடியும்; பெரும் பிழை எதுவும் இதனைத் தப்பாது.

வகுக்கும்போது இடையிலேயே இலக்கங்களைக் குறைத்துவிடக் கூடாது. 14-ஐ 60-ஆல் வகுத்து வரும் 0.233333 என்பதை 0.23 என்று சுருக்கி எழுதினால், அந்தச் சிறு சுருக்கமே ஊற்றை 370 மீட்டர் தெற்கே தள்ளிவிடும். இடையில் ஆறு இலக்கம் வரை வைத்துக் கொண்டு முடிவில் மட்டும் குறைக்க வேண்டும்.

முடிவில் எத்தனை இலக்கம் வைப்பது? ஒரு விநாடி என்பது நம் மலையில் ஏறக்குறைய 30 மீட்டர். நோட்டில் முழு விநாடி மட்டுமே எழுதியிருந்தால், எழுதியவர் அரை விநாடி வரை கூட்டியோ குறைத்தோ முழுமையாக்கியிருப்பார். அதாவது இப்புறம் அப்புறம் 15 மீட்டர் ஐயம் எண்ணிலேயே உள்ளது. தசம பாகையில் நான்காம் இலக்கம் 11 மீட்டரையும், ஐந்தாம் இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டரையும் குறிக்கும். ஆகையால் 10.24361 என்று ஐந்து இலக்கத்தோடு நிறுத்துவது போதும். கணினி பத்து இலக்கம் காட்டுகிறது என்பதற்காக அவற்றை எழுதுவதால் நோட்டுக்கு இல்லாத நுட்பம் வந்துவிடாது.

நோட்டைப் படிக்கும்போது

கணக்குத் தொடங்குமுன் நோட்டைச் சரியாகப் படித்தல் வேண்டும். நிமிஷத்தைக் குறிக்கும் ஒற்றைக் கோடும் விநாடியைக் குறிக்கும் இரட்டைக் கோடும் அடி, அங்குலம் ஆகியவற்றுக்கும் வழங்கும் குறிகளே. அதே பக்கத்தில் சுவரின் நீளமும் எழுதியிருக்கலாம். அங்குலம் பதினொன்றுக்கு மேல் போகாது. விநாடி ஐம்பத்தொன்பது வரை போகும். பாகைக் குறியாகிய சிறு வட்டம் முன்னே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கோணங்கள் எல்லாமே அட்சரேகை தீர்க்கரேகை அல்ல என்பதையும் மறக்கலாகாது. ஒரு கல்லிலிருந்து மற்றொரு கல் எத்திசையில் தெரிகிறது என்பதையும் பாகை, நிமிஷம், விநாடியிலேயே எழுதுவார்கள். அவ்வெண்கள் 0 முதல் 360 வரை எங்கும் வரலாம். பழனி மலைப் பகுதியில் அட்சரேகை 10 பாகையை ஒட்டியும், தீர்க்கரேகை 77 பாகையை ஒட்டியும் மட்டுமே இருக்கும். 212 என்றோ 148 என்றோ தொடங்கும் எண் திசையைக் குறிப்பது. அதையும் மேற்சொன்ன முறையிலேயே தசமமாக மாற்றலாம். ஆனால் அதைப் படத்தில் புள்ளியாக இட முடியாது.

இடையில் ஒருவர் நோட்டைப் பிரதி எடுத்திருந்தால் மூன்றாவது வகை ஒன்றும் புகுந்திருக்கக்கூடும். சில கருவிகள் விநாடியை விட்டுவிட்டு நிமிஷத்துக்கே தசமம் காட்டும். நம் ஊற்று அவற்றில் 10° 14.617' என்று வரும். இதை 14 நிமிஷம் 61 விநாடி என்று படிக்க முற்பட்டால், விநாடி அறுபதைத் தாண்டுவதே பிழையைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் 14.37' என்று இருந்தால் அது எச்சரிக்காது. 14.37 நிமிஷம் என்பது 14 நிமிஷம் 22 விநாடி; அதை 14 நிமிஷம் 37 விநாடி என்று கொண்டால் ஏறக்குறைய 450 மீட்டர் விலகிப் போவோம். ஆகவே பிரதியைக் காட்டிலும் மூல நோட்டைப் பார்ப்பதே உத்தமம்.

படத்தில் இடும்போது அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையைப் பின்னும் எழுதுவதே பொது வழக்கம். மாற்றி எழுதினால் ஊற்று வடதுருவத்தை அண்டிய ஸ்வால்பார்டு தீவுகளின் பக்கத்துக் கடலில் விழும். அவ்வளவு பெரிய பிழையாதலால் யாரும் ஏமாறுவதற்கில்லை.

வகுத்தது சரி, ஆயினும் இடம் சரியா?

இதுவரை சொன்னவை யாவும் பள்ளிக்கூடக் கணக்கு. இதைப் பிழையின்றிச் செய்தவரும் ஊற்றைக் காணாமல் திரும்ப நேரலாம். ஏனெனில் நோட்டின் எண், அதை எழுதிய காலத்துச் சர்வேயின் அடிப்படையில் அமைந்தது. இன்றைய தொலைபேசியின் எண் வேறோர் அடிப்படையில் அமைந்தது. அடிப்படை மாறினால், அதே கல்லுக்கு எண்ணும் மாறும்.

நம் நாட்டுப் பெருஞ்சர்வே 1802-ல் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் என்பவர் அடிக்கோடு அளந்ததிலிருந்து தொடங்கிற்று. பழனி மலையை லெப்டினன்ட் வார்டு என்பவர் 1821-ல் சர்வே செய்தார். முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக அளந்து சென்ற அச்சர்வேயில், ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் உள்ள தொடர்பு மிக நுட்பமாகவே இருந்தது. ஆனால் அந்த வலை முழுவதும் கிரீன்விச்சுக்குக் கிழக்கே எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதுதான் நெடுநாள் தீராத பிரச்னை. அட்சரேகையை நட்சத்திரத்தின் உயரத்தைக் கொண்டு கண்டுவிடலாம். தீர்க்கரேகைக்கோ இரண்டு ஊர்களின் நேர வித்தியாசம் வேண்டும். கோணத்தில் ஒரு நிமிஷப் பிழை என்பது நேரத்தில் நான்கே செகண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், தந்திக் கம்பி மூலம் நேரத்தை ஒப்பிட்டுச் சென்னையின் தீர்க்கரேகையைத் திரும்பக் கண்டபோது, இந்தியத் தீர்க்கரேகைகள் யாவும் 2 நிமிஷம் 27.18 விநாடி அதிகமாக எழுதப்பட்டு வந்தமை தெளிவாயிற்று. சர்வேயின் மூலத் தானமாகிய கலியாண்பூரின் தீர்க்கரேகை 77° 41' 44.75" என்பதிலிருந்து 77° 39' 17.57" ஆகக் குறைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முதல் புதிய படங்கள் திருந்திய எண்ணோடு வரலாயின.

இரண்டு நிமிஷம் 27 விநாடி என்பது நம் மலையில் ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர். 1900-ஐ ஒட்டிய நோட்டின் தீர்க்கரேகையை அப்படியே மாற்றி இன்றைய படத்தில் இட்டால், ஊற்று அவ்வளவு தூரம் கிழக்கே தள்ளி விழும்.

இதனோடு சிறியதாக மற்றொரு வேறுபாடும் உண்டு. பூமியின் உருவத்தை அக்காலத்துச் சர்வே, எவரெஸ்ட் என்பவர் 1830-ல் வகுத்த அளவுப்படி கொண்டது. இன்றைய தொலைபேசி `WGS84` என்னும் அளவுப்படி கொள்கிறது. எவரெஸ்டின் பூமி இன்றைய அளவைக் காட்டிலும் நடுக்கோட்டு ஆரத்தில் சுமார் 860 மீட்டர் சிறியது. மையமும் சற்று வேறு. இதனால் தென்னாட்டில் ஒரே கல்லின் இரு எண்களுக்கும் நூறு மீட்டருக்கு மேலாகவே வித்தியாசம் வருகிறது.

தெரிந்த கல்லைக் கொண்டு திருத்துதல்

இவ்வேறுபாடுகளைத் தீர்க்க நிபுணர்கள் பெரிய சூத்திரங்களைக் கையாளுகிறார்கள். ஒரு சிறு பள்ளத்தாக்குக்குள் அடங்கிய நோட்டுக்கு அவை வேண்டியதில்லை. அதே நோட்டில் குறித்துள்ள ஒரு கல் இன்றும் அசையாமல் இருந்தால் அதுவே போதும். பழைய பாலத்தின் மூலைக்கல், கோயில் அல்லது மாதா கோவிலின் மூலை, பெயர்க்கப்படாத சர்வே கல் இவற்றுள் ஒன்று பெரும்பாலும் அகப்படும்.

நம் நோட்டில் ஒரு பாலக் கல் இவ்வாறு குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்க:

பாலக் கல்: வடக்கு 10° 13' 52", கிழக்கு 77° 31' 08"

முன்சொன்ன முறையில் மாற்றினால் 10.23111, 77.51889 என்று வரும். இப்போது அதே கல்லின் மேல் தொலைபேசியை வைத்து இன்றைய எண்ணை எடுக்க வேண்டும். மேலே வானம் திறந்திருக்க வேண்டும். சோலை மரங்களின் அடியில் கருவி தடுமாறும். திறந்த வெளியிலும் ஐந்து பத்து மீட்டர் வித்தியாசம் வரக்கூடுமாதலால், காலையிலும் மாலையிலுமாக ஐந்தாறு முறை எடுத்துச் சராசரி காண்பது நல்லது. அச்சராசரி 10.23271, 77.47682 என்று வந்ததாகக் கொள்வோம்.

இரண்டையும் கழித்துப் பார்த்தால், நோட்டிலிருந்து இன்றைய எண்ணுக்கு வர அட்சரேகையில் 0.00160 கூட்ட வேண்டும், தீர்க்கரேகையில் 0.04207 கழிக்க வேண்டும். இந்த 0.04207 பாகையை விநாடியாக்கினால் 151 விநாடி, அதாவது 2 நிமிஷம் 31 விநாடி. இதில் 2 நிமிஷம் 27 விநாடி பழைய தீர்க்கரேகைப் பிழை. எஞ்சிய நான்கு விநாடி எவரெஸ்டின் பூமியால் வந்த வித்தியாசம். காரணம் தெரிந்த அளவாக வித்தியாசம் அமைந்திருப்பதால், நோட்டைச் சரியாகவே படித்திருக்கிறோம் என்ற உறுதியும் கிடைக்கிறது.

இதே திருத்தத்தை ஊற்றுக்கும் செய்ய வேண்டும். 10.24361-உடன் 0.00160 கூட்ட 10.24521. 77.52639-இலிருந்து 0.04207 கழிக்க 77.48432. ஊற்றைத் தேட வேண்டிய இடம் இதுவே. திருத்தாத எண்ணுக்கும் இதற்கும் கிழக்கு மேற்காக 4.6 கிலோமீட்டர் தூரம்.

ஒரு கல்லோடு நிறுத்தாமல் இரண்டாவது கல் ஒன்றையும் சோதிப்பது அவசியம். இரண்டு கற்களும் தரும் திருத்தம் ஒன்றுக்கொன்று ஒரு விநாடிக்குள், அதாவது 0.0003 பாகைக்குள் இருந்தால் அதை நோட்டு முழுவதற்கும் கொள்ளலாம். இரண்டும் பெரிதும் மாறுபட்டால் மூன்று காரணங்களுள் ஒன்று இருக்கும். கல் பெயர்ந்து வேறிடத்தில் நடப்பட்டிருக்கலாம். நோட்டின் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கலாம். அல்லது நோட்டின் இரு பகுதிகளும் வெவ்வேறு காலத்தில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். வித்தியாசத்தின் அளவே காரணத்தைக் காட்டும். சரியாகப் பத்து விநாடியோ இருபது விநாடியோ விலகினால், மசி மங்கிய பத்தாம் இட இலக்கத்தை மாற்றிப் படித்திருக்கக்கூடும்; 3-ஐ 5 என்று கொள்வது எளிது. சரியாக ஒரு நிமிஷம் விலகினால் நிமிஷ இலக்கத்தைப் பாருங்கள். இரண்டரை நிமிஷத்தை ஒட்டித் தீர்க்கரேகை மட்டும் விலகினால், ஒரு பகுதி தந்தித் திருத்தத்துக்கு முந்தியது, மற்றது பிந்தியது என்று கொள்ளலாம்.

நோட்டு எக்காலத்தது என்று தெரியாவிடில், ஊரறிந்த ஓரிடத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையம் ஏறக்குறைய 10° 14' வடக்கு, 77° 28' கிழக்கில் இருக்கிறது. நோட்டில் அதன் தீர்க்கரேகை 77° 30'-ஐத் தாண்டி எழுதப்பட்டிருந்தால், பழைய பிழை நோட்டில் உண்டு என்று அறியலாம். இது நிமிஷ அளவிலான சோதனை மட்டுமே. விநாடி அளவுக்குக் கல்லின் மேலேயே எண் எடுக்க வேண்டும்.

எவ்வளவு தூரம் நம்பலாம்

இத்தனையும் செய்தபின் கிடைப்பது ஓர் ஊசி முனையன்று. ஒரு சிறு வட்டம். நோட்டின் முழு விநாடியால் 15 மீட்டர், அதே காரணத்தால் பாலக் கல்லிலிருந்து வந்த திருத்தத்தில் 15 மீட்டர், தொலைபேசியால் ஐந்து பத்து மீட்டர். இவை யாவும் ஒரே பக்கம் சாய்வது அரிது. ஆயினும் திருத்திய புள்ளியைச் சுற்றி முப்பது நாற்பது மீட்டர் வட்டத்துக்குள் புதரை நீக்கித் தேடுவது தகும். செங்குத்தான சரிவில் அவ்வட்டத்துக்குள் ஓடையின் இரு கரைகளும் அடங்கக்கூடும். அப்போது நோட்டில் ஊற்றைப் பற்றி எழுதிய மற்றச் சொற்கள், அதாவது பாறைக்குக் கீழே, ஓடையின் வலக்கரையில் என்பன போன்றவை, எண்ணைவிட உதவியாக இருக்கும்.

எல்லைத் தகராறு உள்ள இடத்தில் இக்கணக்கை முடிவாகக் கொள்ள முயலக் கூடாது. பட்டாவின் எல்லை, சர்வே இலாகாவின் புலப்படத்தில் கல்லுக்குக் கல் அளந்து எழுதிய தூரங்களால் நிர்ணயிக்கப்படுவது. அங்கே நாற்பது மீட்டர் ஐயம் என்பது ஒரு தோட்டத்தையே விழுங்கும். நாம் கணக்கிட்ட எண், புதைந்த கல்லை எங்கே தோண்டிப் பார்ப்பது என்று காட்ட உதவும். கல் அகப்பட்டபின் அளந்து சொல்ல வேண்டியவர் சர்வேயர்.

மாற்றிய எண்களைச் சங்கப் பதிவேட்டில் எழுதுவோர், ஒவ்வொரு இடத்துக்கும் நோட்டில் உள்ளவாறே பாகை, நிமிஷம், விநாடியை முதலிலும், வகுத்து வந்த தசமத்தை அடுத்தும், தெரிந்த கல்லைக் கொண்டு திருத்திய எண்ணை அதற்கடுத்தும் எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். எந்தக் கல்லைக் கொண்டு, எந்தத் தேதியில், எவ்வளவு கூட்டியும் கழித்தும் திருத்தினோம் என்பதும் ஓரத்தில் இருக்க வேண்டும். திருத்திய எண்ணை மட்டும் வைத்துக் கொண்டு மூலத்தை விட்டுவிட்டால், பின்னால் வருபவர் அதையே நோட்டின் எண் என்று எண்ணி, மறுபடியும் நாலரைக் கிலோமீட்டரைக் கழித்துவிடுவார்.